யூடியூப் சேனலின் ‘அபவுட்’ பகுதி: முதல் வரியில் வணக்கம் வேண்டாம், வேறு என்ன வேண்டும்?

திருச்சியில் இருந்து திண்டுக்கல் போகும் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வருகிறது வையம்பட்டி. பெரும்பாலும் மானாவாரி பூமி. மழை ஏமாற்றினாலும் ஆடு, மாடு கைவிடாது என்று நம்பி பிழைக்கும் ஊர்ப்பக்கம். இப்படி ஒரு ஊரில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடு வளர்ப்பு பற்றி யூடியூப் சேனல் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் இந்த மாதிரி சேனல் தமிழில் எத்தனை இருக்கிறது என்று தேடிப் பார்த்தாலே தெரியும்.

வீடியோ எடுத்தாச்சு, சேனலுக்குப் பெயர் வைத்தாச்சு, லோகோவும் போட்டாச்சு. கடைசியாக ஒரு காலிப் பெட்டி நிற்கும். சேனலைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கும். பெரும்பாலானோர் அதில் இப்படி எழுதுவார்கள்: “அனைவருக்கும் வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம், உங்கள் ஆதரவு தேவை, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க.”

இதில் தப்பாக எதுவும் இல்லை. ஆனால் ஆடு என்ற சொல்லே இல்லை.

பெட்டி எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் சேனல் பக்கத்தில் About என்று தனி டேப் இருந்தது. இப்போது அது கிடையாது. சேனல் பெயருக்குக் கீழே ஒரு துண்டு வாக்கியம் மட்டும் தெரியும், அதைத் தட்டினால் முழுதும் விரியும். நம் ஆட்கள் பழக்கத்தில் இன்னும் ‘அபவுட்’ என்றே சொல்கிறார்கள். யூடியூப் அதை Description என்கிறது.

போனில் மாற்ற, யூடியூப் செயலியில் உங்கள் சேனலைத் திறந்து Edit channel என்பதற்குள் போனால் Description இருக்கும். கம்ப்யூட்டரில் YouTube Studio-வைத் திறந்து Customization என்ற பகுதிக்குப் போக வேண்டும்.

முக்கியமான விஷயம் அந்தத் துண்டு வாக்கியம். போனில் சேனலைப் பார்ப்பவருக்கு முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். மீதியைப் படிக்க அவர் விரல் வைத்துத் தட்ட வேண்டும். அந்த இடத்தில் ‘அனைவருக்கும் வணக்கம் நண்பர்களே’ என்று இருந்தால், இது சமையல் சேனலா, ஜோசியமா, ஆடு வளர்ப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தட்டாமலே போய்விடுவார். அதனால் வணக்கத்தை வீடியோவில் சொல்லிக்கொள்ளலாம், இங்கே நேராக விஷயத்தில் இறங்கிவிட வேண்டும்.

1000 எழுத்து என்கிறார்களே, தமிழில் அது எவ்வளவு?

இந்தப் பெட்டியில் அதிகபட்சம் 1000 எழுத்துகள். ஆனால் இந்தக் கணக்கு தமிழில் எழுதுபவர்களை ஏமாற்றும். நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணுவது வேறு.

‘வையம்பட்டி’ நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடில் ‘வை’ என்பது வ ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. ‘ம்’ என்றால் ம ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிக் கூட்டினால் வையம்பட்டி 10 ஆகிவிடும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னும் நஷ்டம். ‘ஸ்ரீ’ என்ற ஒரே எழுத்துக்கு நான்கு இடம். ‘ஸ்ரீரங்கம்’ பார்வைக்கு 5 எழுத்து, உள்ளே 10.

ஆக, 1000 என்று இருந்தாலும் தமிழில் ஏறத்தாழ 100 முதல் 120 சொற்கள்தான் அடங்கும். அதற்குள் வணக்கம், வரவேற்பு, ஆதரவு, பெல் பட்டன் எல்லாம் போட்டால் சொல்ல வேண்டியதுக்கு இடமே இருக்காது. ஆட்டுச் சேனலுக்கு ‘ஆடு, ஆட்டுக்குட்டி, ஆட்டுப் பண்ணை, ஆடு விலை, ஆடு வீடியோ’ என்று தேடல் சொற்களை இங்கே அடுக்குபவர்களும் உண்டு. அதற்கு Studio-வின் Settings பகுதியில் Keywords என்று தனி இடம் இருக்கிறது. மனிதர் படிக்கும் இடத்தில் அதைக் கொட்டினால் விளம்பர நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

தலைப்பு: எதை விடுகிறோம் என்பதும் தெரிய வேண்டும்

சேனல் எதைப் பற்றி என்று ஒரே வாக்கியத்தில் சொல்வது சுலபம் போலத் தோன்றும். உட்கார்ந்து எழுதினால்தான் சிக்கல் தெரியும். ‘விவசாயம், கால்நடை, கிராமத்து வாழ்க்கை, சுற்றுலா மற்றும் பல’ என்று எழுதத் தோன்றும். நாளைக்கு பொன்னணியாறு அணைக்குப் போய் ஒரு வீடியோ போட்டால் அதற்கும் இடம் வேண்டுமே என்ற கவலை. ஆனால் ‘மற்றும் பல’ என்று முடியும் வாக்கியத்தைப் படித்தவருக்கு எதுவும் தெரிவதில்லை.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கடைசியாகப் போட்ட பத்து வீடியோக்களை எடுத்துப் பாருங்கள். எழுதிய வாக்கியத்துக்குள் அதில் எட்டாவது அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் வாக்கியம் தப்பு, அல்லது சேனலே இன்னும் எதைப் பற்றியது என்று முடிவாகவில்லை. பத்தும் அடங்குகிறது, ஆனால் ஊரில் உள்ள வேறு இருபது சேனல்களின் வீடியோவும் அதே வாக்கியத்துக்குள் அடங்கும் என்றால் வாக்கியம் ரொம்ப அகலம்.

நம் அண்ணன், தங்கை சேனலில் எடுத்தால், ‘ஆடு வளர்ப்பு’ என்பதே கொஞ்சம் அகலம்தான். வெள்ளாடா, செம்மறியா? கொட்டகையில் அடைத்து வளர்ப்பதா, மேய்ச்சலுக்கு விடுவதா? பரண் அமைத்து முதலீடு போட்டு வளர்ப்பவருக்கும், நாற்பது உருப்படியை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறவருக்கும் தீவனச் செலவு முதல் நோய் வரை எல்லாமே வேறு. ‘வெள்ளாடு, மேய்ச்சல் முறை, 40 உருப்படி’ என்ற மூன்று விவரம் போதும், பார்க்கிறவர் இது தனக்கு ஆகுமா ஆகாதா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுவார்.

தகுதி: வீடியோவில் தெரியாததை எழுத வேண்டும்

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். ஒன்று, தகுதியே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் ‘ஆடு வளர்ப்பு நிபுணர்’ என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து மாவட்டத்தையே பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2018-ல் தொடங்கியது. தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்து, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டார்கள். தமிழில் இதை முதலில் எட்டிய சேனல் அதுதான். பெரியதம்பி முன்பு சமையல் வேலை செய்தவர். ஆனால் அதை எங்கும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கரண்டி பிடிக்கும் கையைப் பார்த்தாலே யாருக்கும் புரிந்துவிடும். சமையலில் வீடியோவே சான்றிதழ்.

ஆட்டுக்கு மருந்து சொல்லும் வீடியோவில் அப்படி இல்லை. கேமரா முன் நின்று, “குடற்புழு நீக்கத்துக்கு இந்த மருந்து இத்தனை மில்லி கொடுங்க” என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்லும் அளவு சரியா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளவு ஆட்டின் எடையைப் பொறுத்தது, மருந்துக்கு மருந்து மாறும், சினை ஆட்டுக்குச் சில மருந்தைக் கொடுக்கவே கூடாது. தப்பினால் நஷ்டம் வீடியோ போட்டவருக்கு இல்லை, பார்த்துவிட்டுச் செய்தவருக்கு. ஒரு சின்னப் பட்டியில் நான்கு ஆடு போனால் அந்த வீட்டின் அந்த வருஷக் கணக்கே மாறிவிடும்.

அதனால் வீடியோவில் கண்ணுக்குத் தெரியாத தகுதி எதுவோ, அதைத்தான் அபவுட் பகுதியில் எழுத வேண்டும். அதுவும் மற்றவர் விசாரித்துப் பார்க்கக்கூடிய மாதிரி. ‘பல வருட அனுபவம்’ என்பதை யாராலும் விசாரிக்க முடியாது. ‘2016 முதல் ஆடு வளர்க்கிறோம்’ என்றால் ஊரில் கேட்டால் தெரிந்துவிடும். ‘முறையான பயிற்சி பெற்றவர்’ என்றால் காற்றில் எழுதியது மாதிரி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திருச்சி கொட்டப்பட்டில் இருக்கிறது. அங்கே பயிற்சிக்குப் போயிருந்தால் இடத்தின் பெயரைச் சொல்லி எழுதலாம். போகவில்லை என்றால் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது, எதில்லை என்பதையும் எழுதுவது. சில நாள் பயிற்சி முடித்தவர் கால்நடை மருத்துவர் ஆகிவிட மாட்டார். 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். எனவே ‘நாங்கள் கால்நடை மருத்துவர்கள் அல்ல’ என்ற ஒரு வரி இருப்பது நல்லது. இதை எழுதினால் மதிப்பு குறையும் என்று நினைப்பார்கள். நடைமுறையில், கமெண்டில் “டாக்டர் சார், எங்க ஆடு ரெண்டு நாளா இரை எடுக்கல, என்ன மருந்து கொடுக்கலாம்?” என்று வரும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய சங்கடம் குறையும்.

மனிதர்களின் உடம்பு, பணம் பற்றிப் பேசும் சேனல்களுக்கு இது இன்னும் கறாரானது. உடல்நலம் பற்றிப் பேசும் இன்ஃப்ளூயன்சர்களுக்கு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் கூடுதல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மருத்துவர்கள் தங்கள் தகுதியைச் சொல்ல வேண்டும், மருத்துவரல்லாதவர்கள் இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று தெளிவுபடுத்த வேண்டும் என்பது அதன் சாரம். எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆலோசனை சொல்ல வேண்டுமானால் செபி பதிவு வேண்டும். அப்படிப் பதிவு இருப்பவர் எண்ணை அபவுட்டில் போட்டுவிடலாம், பார்ப்பவர் செபி இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வார்.

எப்போது வீடியோ வரும்: ஆசையை எழுதாதீர்கள்

மூன்றாவது, எத்தனை நாளுக்கு ஒரு வீடியோ. புதுச் சேனல்களில் அதிகம் காணப்படும் வரி ‘தினமும் புதிய வீடியோ’. மூன்றாவது வாரம் பார்த்தால் கடைசி வீடியோ பதினைந்து நாளுக்கு முன்பு போட்டதாக இருக்கும். இந்த வரி உண்மையா என்று யூடியூப் சரிபார்ப்பதில்லை. ஆனால் பார்ப்பவருக்கு ஒரு நொடி போதும், கீழே வீடியோக்களின் தேதி வரிசையாக இருக்கிறதே.

எதை எழுதுவது என்று முடிவு செய்ய ஆசையைப் பார்க்க வேண்டாம், கடந்த எட்டு வாரத்தைப் பாருங்கள். நம் உதாரணச் சேனலில் எட்டு வாரத்தில் 11 வீடியோ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல். அதை வைத்து ‘வாரம் இரண்டு’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். வாரம் வாரமாகப் பிரித்தால் ஒரு வாரம் மூன்று, சில வாரம் ஒன்று என்று இருக்கும். குறைந்த வாரத்தில் எத்தனை வந்ததோ, அதுதான் தைரியமாக எழுதக்கூடிய எண். இங்கே அது ஒன்று. கூடுதலாக வந்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

கிழமையும் நேரமும் சொல்வதாக இருந்தால், அந்த நேரத்தில் ஒளிபரப்ப ஆள் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. வீடியோவை முன்கூட்டியே ஏற்றி Schedule செய்துவிடலாம். சந்தை விலை பேசும் வீடியோ என்றால் சந்தைக்கு முந்தைய நாள் இரவுக்குள் வர வேண்டும், சந்தை முடிந்த பிறகு வந்தால் யாருக்கு லாபம்?

ஆட்டுக்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மேய்ச்சல் கெடும், பட்டி ஈரமாகும், குட்டிகளுக்குச் சளி, கழிச்சல் என்று வேலை இரட்டிப்பாகும். அந்த மாதங்களில் வீடியோ குறையும் என்று முன்பே தெரிந்தால் அதையும் எழுதிவிடலாம். பார்ப்பவரும் ஆடு வளர்ப்பவர்தான், அவருக்குப் புரியும்.

எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும்?

இத்தனையையும் வைத்து, நம் உதாரணச் சேனலின் அபவுட் இப்படி வரும்:

“வெள்ளாடு வளர்ப்பு மட்டும்தான் இந்த சேனல். வையம்பட்டி வட்டாரத்தில் மேய்ச்சலுக்குப் போய்வரும் 40 ஆடுகளைக் கொண்ட பட்டியில் என்ன நடக்கிறதோ அதைக் காட்டுகிறோம்: தீவனச் செலவு, குட்டி பராமரிப்பு, சந்தை விலை.

2016 முதல் ஆடு வளர்க்கிறோம். திருச்சி கொட்டப்பட்டில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் வெள்ளாடு வளர்ப்புப் பயிற்சி முடித்திருக்கிறோம். நாங்கள் கால்நடை மருத்துவர்கள் அல்ல. மருந்து, ஊசி பற்றிய வீடியோவில் மருத்துவர் பேசுவார். அவர் பெயரும் பதிவு எண்ணும் அந்த வீடியோவின் கீழே இருக்கும்.

ஞாயிறு மாலை 6 மணிக்கு ஒரு வீடியோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரத்துக்கு ஒன்று.

ஆடு விற்பதில்லை. யாரிடமும் முன்பணம் கேட்பதில்லை.”

கணினிக் கணக்கில் இது 650 எழுத்துக்குள் அடங்கிவிடும். மீதமிருக்கும் இடத்தில், ஆடு நோய்வாய்ப்பட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். தகுதி வரியில் ‘மருத்துவர்கள் அல்ல’ என்று சொன்ன பிறகு, அப்படியானால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கடைசி இரண்டு வாக்கியங்கள் எதற்கு என்று தோன்றலாம். ஆடு, மாடு சேனல்களுக்கு வரும் போன்களில் பாதி ‘ஆடு விலைக்கு இருக்கா?’ என்றுதான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு சேனலின் பெயரையும் படத்தையும் காப்பியடித்து, வாட்ஸ்அப்பில் ‘குட்டி அனுப்புகிறோம், பாதிப் பணம் போடுங்க’ என்று கேட்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவர் தேடி வருவது அசல் சேனலுக்குத்தான். ‘முன்பணம் கேட்பதில்லை’ என்ற வரி எல்லாரையும் காப்பாற்றாது. சந்தேகப்பட்டு ஒரு தடவை சேனலைத் திறந்து பார்ப்பவரைக் காப்பாற்றும்.

நிஜமாகவே ஆடு விற்பவர்கள் அந்த வரிக்குப் பதில், எங்கே நேரில் வந்து பார்க்கலாம் என்று எழுதலாம். செல்போன் எண்ணை அப்படியே போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அது உலகத்துக்கே திறந்த பக்கம், அதிலும் தங்கையின் எண் என்றால் கேட்கவே வேண்டாம். சேனலுக்கென்று தனி இமெயில் ஒன்று தொடங்கி, Contact info என்ற இடத்தில் கொடுத்தால், யூடியூபில் லாகின் செய்தவர்கள் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முகவரிகளுக்கும் Links என்று தனி இடம் இருக்கிறது, அதற்காக இந்த 1000 எழுத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்திலும் போடலாமா?

யூடியூப் ஒரே சேனலுக்குப் பல மொழியில் அபவுட் எழுத வழி தருகிறது. Studio-வில் Add language என்பதைத் தட்டி ஆங்கிலம் சேர்க்கலாம். ஆனால் ஒரு சிக்கல். எந்த மொழி காட்டப்படும் என்பது பார்ப்பவரின் தாய்மொழியைப் பொறுத்தது அல்ல, அவர் யூடியூபை எந்த மொழியில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கிராமங்களில் தமிழ் மட்டுமே படிக்கும் பலரின் போனும் கடையில் வாங்கியபடியே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆங்கில அபவுட் சேர்த்துவிட்டால், ‘மருத்துவர்கள் அல்ல’ என்ற வரியும் ‘முன்பணம் கேட்பதில்லை’ என்ற வரியும் யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு ஆங்கிலத்தில் போய் நிற்கும். சமையல், பயண வீடியோ போடுபவர்கள் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்காக ஆங்கிலம் சேர்க்கலாம். வையம்பட்டி ஆட்டுப்பட்டிக்குத் தமிழ் மட்டும் போதும்.

எழுதியது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

கமெண்ட்தான் அளவுகோல். ஒரு மாதக் கமெண்ட்களைப் படித்துப் பாருங்கள். ‘எந்த ஊரு?’, ‘நீங்க டாக்டரா?’, ‘அடுத்த வீடியோ எப்போ?’, ‘ஆடு விலைக்கு கிடைக்குமா?’ இந்த நான்கில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ, அதற்கான பதில் அபவுட்டில் இல்லை, அல்லது ரொம்பக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அதை மேலே ஏற்ற வேண்டும். அபவுட்டைப் படிக்காமலே கேட்பவர்களும் இருப்பார்கள்தான். அவர்களுக்குப் பின் செய்யப்பட்ட ஒரு கமெண்ட்டில் பதில் சொல்லிவிடலாம்.

பட்டியில் ஆடு 40-ல் இருந்து 65 ஆனாலோ, ஞாயிறு வீடியோ சனிக்கு மாறினாலோ அன்றைக்கே திருத்திவிடுவது நல்லது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், அதற்கு யூடியூப் காசு கேட்பதில்லை.